பற்றரி வீங்கிய வோச்: கடைக்காரருக்கு எழுதும் கடிதத்தில் எதைக் கேட்பது?

வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத ஸ்மார்ட் வோச்சின் திரை ஒரு பக்கம் எழும்பி நிற்கிறது. வோரண்டி இருக்கிறது, பில்லும் இருக்கிறது. ஆனாலும் பேனையை எடுத்ததும் கை நின்றுவிடுகிறது. வேறு வோச் தா என்று கேட்பதா, காசைத் திருப்பித் தா என்பதா, பற்றரியை மாற்றித் தந்தால் போதும் என்று விடுவதா? பலர் மூன்றையும் ஒரே வரியில் போட்டு, "இவற்றில் ஏதாவது ஒன்றைச் செய்து தரவும்" என்று முடித்துவிடுகிறார்கள். அப்படி எழுதினால் தெரிவு கடைக்காரரின் கைக்குப் போய்விடும். அவர் தனக்குச் செலவு குறைந்ததைத்தான் எடுப்பார். பெரும்பாலும் அது பற்றரி மாற்றம், வாங்கினவருக்கோ மூன்றிலும் பலவீனமானது அதுதான்.

இங்கே பேசுவது சார்ஜ் ஏற்றும் வோச்சைப் பற்றி. பொத்தான் பற்றரி போடும் சாதாரண மணிக்கூட்டில் பற்றரி கசிவதுதான் வழமை. அதன் கதை வேறு.

## கடிதத்துக்கு முன் செய்ய வேண்டியது

வோச்சுக்குள் இருப்பது மெல்லிய உறைக்குள் அடைத்த லித்தியம் பற்றரி. உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயு உண்டாகும்போது, போக வழியில்லாமல் உறை ஊதுகிறது. வோச்சின் பின்மூடி திருகாணியால் இறுக்கியிருந்தால் அழுத்தம் திரைப் பக்கம் போகும். ஒட்டியிருக்கும் திரை ஒரு ஓரத்தில் விடும், அழுத்தாமலே திரையில் நிறப்பொட்டுகள் தெரியும். பின்பக்கம் ஒட்டின மூடியாக இருந்தால் அது எழும்பி, சார்ஜர் காந்தம் பிடித்தும் ஊசிகள் முட்டாமல் விட்டுவிட்டுச் சார்ஜ் ஏறும். வீக்கம் தானாக வற்றாது. அமத்தி மூடவும் கூடாது.

வோச்சை நிற்பாட்டி, சார்ஜ் போடுவதை அன்றோடு விட்டுவிடுங்கள். மண்சட்டியிலோ மூடி இறுகாத பிஸ்கட் டின்னிலோ காய்ந்த மணலைப் போட்டு, அதன்மேல் வைத்து, கூரைத் தகரத்தின் வெக்கை படாத இடத்தில், எரியக்கூடிய சாமான்களுக்குத் தள்ளி வையுங்கள். மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் பிடிக்கும், அதுவும் வேண்டாம்.

டின்னில் வைக்க முதல் படம் எடுக்க வேண்டும். பட்டியைக் கழற்றி, வோச்சைக் கண்ணாடி மேசையில் வைத்து, பக்கவாட்டில் பள்ளிக்கூட அடிமட்டத்தை நிறுத்தி, இடைவெளியும் மில்லிமீற்றர் கோடுகளும் ஒரே படத்தில் தெரிய எடுங்கள். அந்த இடைவெளிக்குள் நகத்தையோ அட்டையையோ விட்டுப் பார்க்கக் கூடாது. பின்பக்கத்துத் தொடரிலக்கம் ஒரு படம், பில் ஒரு படம். இந்த மூன்றும் பிறகு வரும் வாக்குவாதத்தில் பாதியை முடித்துவிடும்.

## எதை வைத்து முடிவெடுப்பது

விலையை மட்டும் பார்த்தால் மூன்று வழியும் ஒன்றுபோலத்தான் தெரியும். வன்னியில் இருக்கும் ஒருவருக்கு வேறு நான்கு விஷயங்கள் பெரிது.

முதலாவது, பழுதான பற்றரி வீட்டை விட்டு எப்படிப் போகும் என்பது. மல்லாவியில் இருந்து வவுனியாக் கடைக்குப் போவதென்றால் போக்குவரத்தோடு ஒரு நாள் வேலை போச்சு. கொழும்புக் கடை என்றால் சொல்லத் தேவையில்லை. கூரியரில் போட்டால் என்ன என்று தோன்றும். வீங்கிய பற்றரி நசுங்கினால் தீப்பிடிக்கும், மூட்டைகளுக்கு நடுவே அது நசுங்கத்தான் செய்யும். உள்ளே என்ன என்று சொல்லாமல் அனுப்பினால் வழியில் நடப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

இரண்டாவது, அதே பழுது திரும்ப வருமா என்பது. மூன்றாவது, வோரண்டியில் எவ்வளவு மிஞ்சும் என்பது.

நான்காவதுதான் பலருக்குத் தெரியாதது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டை எழுத்தில், பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பழுது தெரிந்த நாளில் இருந்து அல்ல, விற்ற நாளில் இருந்து. வோரண்டி ஒரு வருடம் என்று அட்டையில் இருந்தாலும் இந்த மூன்று மாதம் தன்பாட்டில் ஓடும். கடைக்காரர் "அடுத்த கிழமை வாங்கோ" என்று சொல்லிச் சொல்லி இழுக்கும்போது கரைவது இந்த நாட்கள்தான். விசாரித்த பிறகு பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பவோ, நட்டஈடு கொடுக்கவோ அதிகார சபை பணிக்கலாம். ஆகவே எந்த வழியைக் கேட்டாலும், அது இந்தக் கெடுவுக்குள் முடியுமா என்று பார்க்க வேண்டும்.

## வழி ஒன்று: மாற்று வோச்

வோரண்டிக் காலத்துக்குள், அதே மாதிரி இன்னும் கடையில் இருந்தால், முதலில் கேட்க வேண்டியது இதுதான். கடைக்காரர் உற்பத்தியாளரிடமோ இறக்குமதியாளரிடமோ பழுதானதைக் காட்டித் தன் நட்டத்தை மீட்கலாம் என்பதால், காசைத் திருப்புவதைவிட இதற்கு இணங்குவது அவருக்கும் லேசு. உங்களுக்கும் பழுதான பற்றரி வீட்டை விட்டுப் போகும், முழு வோச் வரும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஒன்று, மாற்றித் தந்த வோச்சின் வோரண்டியைப் பழைய பில்லின் திகதியில் இருந்தே பல கடைகள் கணக்கிடும். புது வோச் ஐந்தாம் மாதம் வீங்கினால், பழைய பில்லின்படி அது ஏழாம் மாதமாகிவிடும். வோரண்டி ஆறு மாதம் என்றால் கை விரித்துவிடுவார்கள். ஆகவே மாற்றிய நாளில் இருந்து வோரண்டி தொடங்க வேண்டும், அதைப் புது அட்டையில் எழுதித் தர வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்க வேண்டும். கடையில் வைத்து வாய்ப்பேச்சில் கேட்டால் "அதெல்லாம் பாத்துச் செய்வம்" என்பதற்கு மேல் ஒன்றும் வராது.

இரண்டாவது, அதே தொகுதிச் சரக்கு. லித்தியம் பற்றரி பெட்டிக்குள் சும்மா கிடக்கும்போதும் மெல்ல மெல்ல இறங்கும். ஒரு வருடத்துக்கு மேல் கடைத் தட்டில் கிடந்து அடியோடு இறங்கிப்போன பற்றரிக்குள் செப்புத் தகடு கரையத் தொடங்கும். பிறகு சார்ஜ் ஏற்றும்போது அது வாயுவை உண்டாக்கலாம். உங்கள் வோச் அப்படிக் கிடந்த சரக்கென்றால், பக்கத்துப் பெட்டியில் இருப்பதும் அதேதான். பெட்டியில் உற்பத்தித் திகதி இருந்தால் பார்த்து வாங்குங்கள். மாற்று வோச்சைக் கடையிலேயே திறந்து பாருங்கள். கொஞ்ச நேரம் சார்ஜில் போட்டும் கொஞ்சமும் ஏறவில்லை, உயிர் வரவில்லை என்றால் அதை எடுக்க வேண்டாம்.

## வழி இரண்டு: காசைத் திருப்பிக் கேட்பது

மூன்று நிலைமைகளில் இது மாற்று வோச்சைவிட நல்லது. அந்த மாதிரி கடையில் முடிந்துவிட்டது. அல்லது ஏற்கனவே ஒருமுறை மாற்றித் தந்து அதுவும் வீங்கிவிட்டது. அல்லது விற்றவர் வெளிநாட்டில். மூன்றாவதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழுதான, வீங்கிய லித்தியம் பற்றரியை விமானத்தில் ஏற்ற சர்வதேச விதிகளில் தடை இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளர் "திருப்பி அனுப்பு, பிறகு பார்ப்போம்" என்றால், செய்ய முடியாத ஒன்றைத்தான் கேட்கிறார். அதை அப்படியே எழுதி, படங்களை வைத்துக் காசைத் திருப்பச் சொல்ல வேண்டும். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துக் காசு வாங்கிய உள்நாட்டு விற்பனையாளருக்கு இந்தத் தடையைச் சொல்ல முடியாது. அவரை ஆளனுப்பி எடுக்கச் சொல்லலாம்.

இதில் மறைந்திருப்பது கழிவு. பாவித்த நாட்களுக்கு என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள். கூரியர் காசைத் திருப்ப மாட்டார்கள். கையில் காசுக்குப் பதில் "அடுத்த சாமானில் கழிச்சுக்கொள்ளுங்கோ" என்று கடன் துண்டு நீட்டுவார்கள். தொலைபேசி உறை விற்கும் கடையில் 18,500 ரூபாவுக்குக் கடன் துண்டை வைத்துக்கொண்டு என்ன வாங்குவது? பில்லில் உள்ள முழுத் தொகையும் பணமாக அல்லது வங்கிக் கணக்குக்கு என்று எழுதுங்கள்.

காசைத் திருப்புவதில் கடைக்காரர் நன்றாக இழுத்தடிப்பார் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். மூன்று மாதக் கெடுவுக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கிறது என்றால், இதை முதல் கோரிக்கையாக வைப்பது புத்தியில்லை.

## வழி மூன்று: பற்றரியை மட்டும் மாற்றுவது

வோரண்டி முடிந்துவிட்டது, பில்லும் தொலைந்துவிட்டது என்றால் மிச்சம் இருப்பது இதுதான். அப்போது நியாயமான வழியும்கூட. வோரண்டி இருக்கும்போது இதற்கு இணங்குவது நட்டம்.

காரணம், திரையை ஒட்டியிருக்கும் பசை. அந்தப் பசைதான் வோச்சுக்குள் தண்ணீர் போகாமல் தடுக்கிறது. ஒருமுறை திறந்து, கடையில் கிடக்கும் சாதாரணப் பசையால் ஒட்டினால், முகம் கழுவும்போது தெறிக்கும் தண்ணீரும் உள்ளே போகும். பிறகு வேறு எந்தப் பழுது வந்தாலும் "திறந்த வோச்சுக்கு வோரண்டி இல்லை" என்ற பதில் தயாராக இருக்கும். பசையை இளக்கச் சூட்டுத்தட்டில் வைப்பது தொலைபேசி திருத்துபவர்களின் வழமை. வீங்கிய பற்றரிக்கு அந்தச் சூடு ஆபத்து. திறக்க முதலே "சூடு காட்டாமல் திறப்பீர்களா?" என்று கேளுங்கள். கேள்வி விளங்காமல் முழிக்கிறவரிடம் கொடுக்க வேண்டாம்.

பற்றரி அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. உறையில் 402025 போன்ற ஓர் இலக்கம் இருக்கும். தடிப்பு 4.0 மில்லிமீற்றர், அகலம் 20, நீளம் 25 என்று அதற்குப் பொருள். பழைய பற்றரியை அளந்து பார்த்துப் புதியது வாங்கினால், வீங்கிய தடிப்பையே அளந்து தடித்த பற்றரி ஒன்றைப் போட்டு, திரையை மறுபடி எழுப்பிவிடுவார்கள். இலக்கத்தை வைத்துத்தான் வாங்க வேண்டும். வயர் முனையில் சின்னப் பாதுகாப்புச் சுற்று ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். மலிவுப் பற்றரிகளில் அது இல்லாமலும் வரும்.

## ஒரே பார்வையில்

| | மாற்று வோச் | காசு | பற்றரி மாற்றம் |
|---|---|---|---|
| பழுதான பற்றரி | கடை எடுக்கும் | கடை எடுக்கும். வெளிநாட்டுக் கடை என்றால் உங்களிடமே | திருத்துபவரிடம் |
| திரும்ப வீங்குமா | அதே பழைய சரக்கென்றால் வாய்ப்புண்டு | கேள்வியே இல்லை | பற்றரியின் தரத்தைப் பொறுத்தது |
| மறைந்த செலவு | வோரண்டி பழைய திகதியில் ஓடுவது | கழிவு, கடன் துண்டு | தண்ணீர்ப் பாதுகாப்பு போவது |
| கடைக்காரர் இணங்குவது | லேசு | இழுபடும் | மிக லேசு |
| எப்போது நல்லது | வோரண்டிக்குள், சரக்கு இருந்தால் | சரக்கு இல்லை, இரண்டாம் முறை வீக்கம், வெளிநாடு | வோரண்டி முடிந்தபின் |

## கடிதம்

ஆகவே கடிதத்தில் மாற்று வோச் முதலாவதாகவும், அது குறித்த திகதிக்குள் முடியாவிட்டால் காசு என்றும் வரிசையாக நிற்க வேண்டும். பற்றரி மாற்றம் வேண்டாம் என்று ஒரு வரி.

ஒரு கற்பனைக் கணக்கு: வவுனியாக் கடையில் 14.03.2025 அன்று 18,500 ரூபாவுக்கு, ஆறு மாத வோரண்டியோடு வாங்கிய வோச். வீக்கம் கண்டது 19.05.2025. மூன்று மாதக் கெடு யூன் 13 அளவில் முடிகிறது. 21 ஆம் திகதி கடிதம் அனுப்பி, யூன் 4 வரை கடைக்காரருக்குத் தவணை கொடுத்தால், முறைப்பாட்டுக்கு ஒன்பது நாள் மிஞ்சும். அதற்குள் சனி ஞாயிறும் வரும். 10 ஆம் திகதி பொசன் போயா, கந்தோர் பூட்டு. இதைவிடத் தவணை நீட்டினால் கெடு கையை விட்டுப் போகலாம்.

> (அனுப்புபவரின் பெயர், முகவரி, தொலைபேசி)
> 21.05.2025
>
> உரிமையாளர் அவர்கட்கு,
> (கடையின் பெயர், முகவரி)
>
> ஐயா,
>
> பற்றரி வீங்கிய ஸ்மார்ட் வோச்சை மாற்றித் தருதல்: பில் இல. (…)
>
> 14.03.2025 அன்று தங்களிடம் 18,500 ரூபாவுக்கு (மாதிரி) ஸ்மார்ட் வோச் ஒன்றை வாங்கினேன். தொடரிலக்கம் (…). வோரண்டி ஆறு மாதம்.
>
> 19.05.2025 அன்று திரையின் வலப்பக்கம் சட்டகத்தை விட்டு ஏறக்குறைய 2 மில்லிமீற்றர் எழும்பியிருக்கக் கண்டேன். பற்றரி வீங்கியிருக்கிறது. அன்றே வோச்சை நிற்பாட்டிவிட்டேன். அதன்பின் சார்ஜ் ஏற்றவில்லை. வோச் விழவில்லை, திறக்கப்படவும் இல்லை. பெட்டியோடு வந்த சார்ஜிங் வயரையே பாவித்தேன்.
>
> எனவே 04.06.2025 இற்கு முன் இதே மாதிரிப் புது வோச் ஒன்றை மாற்றித் தரும்படியும், அதன் வோரண்டியை மாற்றிய நாளில் இருந்து எழுதித் தரும்படியும் கேட்கிறேன். அதே மாதிரி கைவசம் இல்லையாயின், அதே திகதிக்குள் 18,500 ரூபாவையும் பணமாகத் திருப்பித் தரவும். திறந்து பற்றரியை மட்டும் மாற்றுவதற்கு எனக்குச் சம்மதமில்லை.
>
> வீங்கிய பற்றரியைத் தபாலில் அனுப்புவது ஆபத்து என்பதால் வோச்சை அனுப்பவில்லை. தாங்கள் சொல்லும் நாளில் நேரில் கொண்டுவருவேன். அல்லது தாங்கள் ஆளனுப்பி எடுக்கலாம்.
>
> மேற்படி திகதிக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்வேன்.
>
> இணைப்பு: பில், வோரண்டி அட்டை ஆகியவற்றின் போட்டோப் பிரதி, படங்கள் 3.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)

கோபத்தை இதற்குள் கொட்ட வேண்டாம். "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று ஒரு வரி எழுதினால், கடைக்காரர் பதில் எழுதுவது அந்த வரிக்குத்தான். நீங்கள் உறுதியாக அறியாததையும் எழுத வேண்டாம். வோச் ஒருமுறை விழுந்திருந்தால் "விழவில்லை" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள்.

## எந்த வழியாக அனுப்புவது

வாட்ஸ்அப்பில் முதல் நாளே படங்களை அனுப்புங்கள். திகதி பதியும், கடைக்காரர் பார்த்ததும் தெரியும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. அங்கே வரும் பதில் குரற்பதிவாக இருக்கும், இல்லாவிட்டால் ஒரு கும்பிடு. கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டு, தபாற்கந்தோர் தரும் துண்டைப் பிரதியோடு குத்தி வையுங்கள். கடைக்குப் போகக்கூடிய தூரம் என்றால் இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றைக் கொடுத்து, மற்றதில் கடை முத்திரையும் திகதியும் வாங்கினால் தபாலைவிடக் கெதி. விற்றவர் தமிழ் வாசிக்காதவர் என்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியைச் சேர்த்து அனுப்புங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

## கடைக்காரர் சொல்லும் இரண்டு பதில்கள்

"தண்ணி போயிருக்கு" என்பது முதலாவது. சில வோச்களுக்குள் ஈரம் பட்டால் சிவக்கும் வெள்ளை ஒட்டு ஒன்று இருக்கும், அதைத் திறந்து காட்டுவார்கள். திரை எழும்பின பிறகு வேர்வைகூட உள்ளே போகும் என்பதால், அந்தச் சிவப்பு காரணமா விளைவா என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. வீக்கம் கண்ட நாளில் எடுத்த படமும், அன்றே கழற்றி வைத்ததும் இங்கேதான் உதவும்.

"ஃபாஸ்ட் சார்ஜர் போட்டிருக்கிறீங்கள்" என்பது இரண்டாவது. வோச் எவ்வளவு மின்னோட்டத்தை எடுக்கிறது என்பதை அதற்குள் இருக்கும் சார்ஜிங் சுற்றுத்தான் தீர்மானிக்கிறது. ஒழுங்கான 5 வோல்ற் சார்ஜர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வோச் கேட்பதற்கு மேல் கொடுக்காது. வோல்ற் அளவு தறிகெட்ட மலிவுச் சார்ஜர் என்றால் அந்தப் பதிலில் உண்மை இருக்கலாம். அப்படி ஒன்றைப் பாவித்திருந்தால் உங்கள் பக்கம் பலவீனம்தான்.

தவணை முடிந்தும் பதில் இல்லையென்றால் கடிதத்தின் பிரதி, பதிவுத் தபால் துண்டு, பில், படங்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையில் கொடுங்கள். விவரம் கேட்க 1977 இற்கு அழைக்கலாம். மூன்று மாதம் ஏற்கனவே கடந்திருந்தால், ஊரில் இணக்க சபை என்று சொல்லும் மத்தியஸ்த சபைக்கு அதே கோப்பைக் கொண்டுபோகலாம்.

வோச்சைக் கையளிக்கும் நாளில் பஸ்ஸில் கொண்டுபோவதென்றால், நிற்பாட்டினபடியே சிறு டின் ஒன்றில், மடியில் வைத்துக்கொண்டு போங்கள். சேர்ட் பையிலோ, மேல் தட்டில் ஏற்றும் உடுப்புப் பைக்கு அடியிலோ வேண்டாம். கொடுத்ததும் "பழுதான வோச் பெற்றுக்கொண்டேன்" என்று தொடரிலக்கத்தோடு எழுதி வாங்குங்கள். "நீங்களே வைச்சிருங்கோ" என்று கடைக்காரர் சொன்னால் முற்றத்துக் குப்பையோடு சேர்த்துக் கொளுத்திவிட வேண்டாம், மணல் டின்னிலேயே இருக்கட்டும். இலத்திரனியல் கழிவு எடுப்பது பற்றிப் பிரதேச சபையில் கேளுங்கள்.